முடி வெட்டுற கடைக்கு லாங் ரன்ல லாபம் ஏன் சீரோ? டிமாண்ட் கோடு காஸ்ட் கோட்டைத் தொட்டுட்டு நிக்கிறது எப்படி?

இளவேனில்_பிகாம்
எல்லாருக்கும் வணக்கம். செமஸ்டருக்கு மைக்ரோ படிச்சிட்டிருக்கேன், மோனோபொலிஸ்டிக் காம்பெடிஷன்ல ரெண்டு இடத்துல சிக்கி நிக்கிறேன். ஷார்ட் ரன்ல கடைக்கு லாபம் வருது, புதுக்கடைங்க வர்றாங்க, லாங் ரன்ல லாபம் சீரோ ஆயிடுதுன்னு நோட்ஸ்ல இருக்கு, சரி. ஆனா டிமாண்ட் கோடு ஆவரேஜ் காஸ்ட் கோட்டை ஒரே ஒரு புள்ளியில தொடணும்ங்கிறாங்க, அது ஏன் வெட்டிட்டுப் போகக்கூடாது? இன்னொன்னு, எக்ஸஸ் கபாசிட்டின்னு ஒரு அம்புக்குறி போட்டிருக்காங்க, அது எங்கேர்ந்து எங்க வரைக்கும், கடைக்காரர் ஏன் அதைச் சும்மா விடுறார்னு புரியல. படத்தை மனப்பாடம் பண்ணி வரைஞ்சிடுவேன், ஆனா புரிஞ்சு வரையணும்.

சதீஷ்_77
இது நம்ம செல்போன் கம்பெனிங்க கதைதானே? மொதல்ல நிறையப் பேர் இருந்தாங்க, அடிச்சுக்கிட்டு ரேட்டைக் குறைச்சாங்க, லாபம் போச்சு, பாதிப் பேர் மூடிட்டுப் போனாங்க. மோனோபொலின்னு பேர்லயே இருக்கே.

பரமேஸ்வரி_மைக்ரோ
சதீஷ், அது வேற கேஸ். செல்போன்ல நாலஞ்சு பேருதான், ஒருத்தர் ரேட்டை மாத்தினா மத்தவங்க அன்னைக்கே பதில் குடுப்பாங்க, புதுசா ஒருத்தர் உள்ள வரணும்னா அலைக்கற்றை ஏலத்துல பெரிய பணம் கட்டணும். இளவேனில் கேக்குறது கடை நிறைய இருக்குற, யாரு வேணா ஷட்டரைத் தூக்கிடலாம்ங்கிற தொழில். ஒவ்வொரு கடைக்கும் கொஞ்சம் தனித்தன்மை இருக்கும், அதனால ரேட்டைப் பத்து ரூபா ஏத்தினா எல்லாக் கஸ்டமரும் ஓடிடமாட்டாங்க, கொஞ்சப் பேருதான் போவாங்க. ஜென்ட்ஸ் சலூன் இதுக்குப் பொருத்தமான உதாரணம், அதையே எடுத்துக்குவோம்.

கணக்குக்காக ஒரு சலூன் வச்சுக்கோம்மா. ஒரு நாளைக்கு Q தலை வெட்டுறார். வெட்டினாலும் வெட்டலைன்னாலும் ஆகுற செலவு நாளைக்கு 900 ரூபா. அதுபோக ஒவ்வொரு தலைக்கும் பிளேடு, க்ரீம், கூட வேலை பாக்குற பையனோட பங்கு, கூட்டம் ஏற ஏற ஓவர்டைம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு TC = 900 + 40Q + Q². அப்போ ஒரு தலைக்கு ஆவரேஜ் AC = 900/Q + 40 + Q. இது மொதல்ல இறங்கி அப்புறம் ஏறும், அடிமட்டம் Q = 30ல, அங்க AC = 100 ரூபா.

ஏரியாவுல இவர் மட்டும் புதுசா ஏசி போட்டு நல்லா வெட்டுறார்னா டிமாண்ட் P = 200 - 3Q, P தலைக்கு ரேட்டு. இன்னொரு தலை வெட்டினா கூட வர்ற வரவு MR = 200 - 6Q, கூட ஆகுற செலவு MC = 40 + 2Q, ரெண்டும் சமமாகுறது Q = 20ல. ரேட் 140, ஆவரேஜ் செலவு 105, தலைக்கு 35 மிச்சம், நாளைக்கு 700 ரூபா லாபம். இதான் ஷார்ட் ரன். இதைப் பேப்பர்ல ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு வா, மிச்சத்தைச் சொல்றேன்.

தேனி_சலூன்
வணக்கம்ங்க. நான் சொந்தமா சலூன் வச்சிருக்கேன், இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. கத்திரி புடிக்கிறவன் கணக்கு பேசுறேன்னு நெனைக்காதீங்க, ஆனா லாங் ரன்ல லாபம் சீரோன்னா நான் எப்படிங்க புள்ளைங்களைப் படிக்க வச்சேன்? சுத்திப் பத்து கடை வந்துருச்சு, எவனும் மூடல. சீரோன்னா எல்லாரும் மூடிட்டுல்ல போயிருக்கணும்?

பரமேஸ்வரி_மைக்ரோ
அண்ணே, இந்தக் கேள்விதான் க்ளாஸ்ல பாதிப் பேருக்கு வரணும், வரமாட்டேங்குது. நான் போட்ட 900ஐப் பிரிச்சுக் காட்டுறேன். கடை வாடகை நாளைக்கு 300, கரண்டு 50. அடுத்து நீங்க இந்தக் கடையை விட்டுட்டு இன்னொருத்தர் கடையில வேலைக்குப் போனா ஒரு நாளைக்கு 500 கிடைக்கும்னு வைங்க, அந்த 500ஐயும் செலவுலதான் எழுதியிருக்கேன். சேர், கண்ணாடி, ஏசின்னு நீங்க போட்ட பணத்தைச் சீட்டுலயோ பேங்க்லயோ போட்டிருந்தா வந்திருக்கும்ல, அது ஒரு 50. மொத்தம் 900.

அப்போ எகனாமிக்ஸ்காரங்க லாபம் சீரோன்னு சொல்ற அன்னைக்கும் உங்க கைக்கு 550 வருது. அந்த 700 லாபம் வந்த காலத்துல 1250 வந்துச்சு. சீரோன்னா கடை மூடுற நிலைமை இல்ல, இந்தத் தொழில்ல இருக்குறதும் வேற வேலைக்குப் போறதும் ஒன்னுதான்ங்கிற நிலைமை. அதனாலதான் யாரும் வெளிய போகல, புதுசா யாரும் வரவும் அவசரப்படல.

தேனி_சலூன்
இப்ப புரியுதுங்க. ஆரம்பத்துல கையில வந்ததுக்கும் இப்ப வர்றதுக்கும் வித்தியாசம் ரொம்ப. இப்ப வர்றது கூலி மாதிரிதான், முதலாளின்னு பேருதான் மிச்சம்.

இளவேனில்_பிகாம்
போட்டுப் பாத்தேன் மேடம், Q = 20, P = 140, லாபம் 700 சரியா வருது. இப்ப புதுக்கடை வந்தா என்ன ஆகும்? எங்க நோட்ஸ்ல டிமாண்ட் இடது பக்கம் நகரும்னு மட்டும்தான் இருக்கு.

பரமேஸ்வரி_மைக்ரோ
700 கூட வருதுன்னு தெரிஞ்சதும் பக்கத்துத் தெருவுல ஒருத்தர் கடை போடுறார். இவர்கிட்ட வந்தவங்கள்ல கொஞ்சப் பேர் அங்க போறாங்க. அதே ரேட்டுக்கு முன்னாடியை விடக் கம்மித் தலைதான் வரும். டிமாண்ட் P = 176 - 3Q ஆயிடுச்சுன்னு வை. இப்ப நீ கேட்ட "வெட்டிட்டுப் போற" நிலைமை இதுதான். இந்தக் கோடு AC கோட்டை ரெண்டு இடத்துல வெட்டும், Q = 9லயும் Q = 25லயும். 9ல ரேட்டு 149, செலவும் 149. 25ல ரேட்டு 101, செலவும் 101. நடுவுல எந்த இடத்துல நின்னாலும் ரேட்டு செலவை விட மேல இருக்கு, அதாவது லாபம் இருக்கு, அதிகபட்சம் 17ல, நாளைக்கு 256 ரூபா. கோடு வெட்டுதுன்னாலே ஏதோ ஒரு Qல லாபம் எடுக்க இடம் இருக்குன்னு அர்த்தம், லாபம் இருக்குற வரைக்கும் இன்னொருத்தர் வருவார். அதனால அங்க நிக்காது.

மாறா ரொம்பப் பேர் வந்து P = 150 - 3Q ஆயிடுச்சுன்னா மொத்தக் கோடும் AC கோட்டுக்குக் கீழ போயிடும். எவ்வளவு சாமர்த்தியமா ரேட்டு வச்சாலும் நாளைக்கு 144 ரூபா கிட்ட நஷ்டம். அப்போ யாராவது மூடுவாங்க, அவங்க கஸ்டமர் மிச்சக் கடைங்களுக்கு வருவாங்க, கோடு திரும்ப மேல ஏறும்.

மேலயும் நிக்காது கீழயும் நிக்காதுன்னா நடுவுல ஒரே ஒரு நிலைதான் பாக்கி, அது P = 160 - 3Q. MR = MC போட்டுப் பாரு, Q = 15, P = 115. AC = 900/15 + 40 + 15 = 115. ஒரு தலை கம்மியா 14 வெட்டினா ரேட்டு 118, செலவு 118.29. ஒரு தலை கூட 16 வெட்டினா ரேட்டு 112, செலவு 112.25. ரெண்டு பக்கமும் நஷ்டம், 15ல மட்டும் சரிக்குச் சரி. AC கோட்டோட சரிவும் அங்க -3தான், டிமாண்ட் கோட்டோட சரிவும் -3. தொடுறதுன்னா இதுதான்.

இளவேனில்_பிகாம்
ஐயோ இப்பதான் தெளிவாச்சு. தொடணும்னு யாரும் சட்டம் போடல, மத்த எல்லா இடத்துலேர்ந்தும் யாரோ ஒருத்தர் வந்தோ போயோ கோட்டை நகர்த்திடுறாங்க.

குணா_எம்பிஏ
நல்ல விளக்கம். எக்ஸஸ் கபாசிட்டியை நான் சொல்றேன். புதன் வியாழன்ல எந்தச் சலூனுக்கு வேணா போய்ப் பாருங்க, நாலு சேர்ல மூணு காலியா இருக்கும், பையன் போனை நோண்டிட்டு உக்காந்திருப்பான். அதான் எக்ஸஸ் கபாசிட்டி, வேற ஒன்னும் பெருசா இல்ல. அப்புறம் லாபம் சீரோ ஆகுறதைத் தடுக்கவும் வழி இருக்கு, பிராண்டிங். இன்ஸ்டால ரீல்ஸ் போட்டு, நல்லா இன்டீரியர் பண்ணி வித்தியாசம் காட்டுனா லாங் ரன்லயும் லாபம் வரும்.

தேனி_சலூன்
தம்பி, ஞாயித்துக்கெழமை வந்து பாருங்க, நாலு சேரும் பத்தாது, பெஞ்சுல பத்துப் பேர் பேப்பரைப் புரட்டிட்டு இருப்பாங்க. செவ்வாய் கடையே லீவு. கார்த்திகையில மாலை போட்டுட்டாங்கன்னா தை வரைக்கும் ஷேவிங் பாதிதான். ஆனா ஞாயித்துக்கெழமைக்குன்னு நாலு சேர் வச்சுத்தானே ஆகணும்?

பரமேஸ்வரி_மைக்ரோ
அண்ணன் சொன்னதுதான் குணாவுக்குப் பதில். புதன்கிழமை சேர் காலியா இருக்குறது கூட்டம் ஒரே நாள்ல குவியுறதால. தியேட்டர் காலைக் காட்சியும் அப்படித்தான், அது எந்த மாதிரிச் சந்தையிலயும் நடக்கும், மோனோபொலியிலயும் நடக்கும். நாம பேசுறது வேற. என் கணக்குல வாரம் முழுக்க ஒரே சீரா ஆள் வர்றாங்கன்னு வச்சாலும் கடை 15 தலையிலதான் நிக்குது, ஆனா அதே கடையில அதே ஆளுங்களை வச்சு ஒரு தலைக்குச் செலவு ரொம்பக் கம்மியா ஆகுறது 30ல. அந்த 15லேர்ந்து 30 வரைக்கும் உள்ள இடைவெளிதான் இளவேனிலோட அம்புக்குறி. காலி சேரைக் கண்ணால பாத்து இதை அளக்க முடியாது, செலவுக் கணக்கு கையில இருக்கணும்.

ஏன் சும்மா விடுறார்ங்கிறதுக்கு வா. 30 தலை வரணும்னா டிமாண்ட் கோட்டுப்படி ரேட்டை 70க்கு இறக்கணும். செலவு 100. தலைக்கு 30 நஷ்டம், 30 தலைக்கு நாளைக்கு 900 போச்சு. கடையை முழுசா ஓட்டுறது அவருக்குக் கட்டுப்படியே ஆகாது. எல்லாரும் ஒரே சரக்கை விக்கிற நிறைவுப் போட்டியில டிமாண்ட் கோடு படுத்த கோடு, அதனால AC கோட்டை அடிமட்டத்துல மட்டும்தான் தொட முடியும். இங்க கோடு சரிஞ்சிருக்கு, சரிஞ்ச கோடு ஒரு கிண்ணத்தைத் தொடணும்னா இறங்குற பக்கத்துலதான் தொட முடியும், அடியில தொட வழியில்ல. மத்ததெல்லாம் இதுலேர்ந்து வர்றதுதான்.

பரீட்சையில படம் வரையும்போது இதை வச்சுச் சரிபாத்துக்கோ: MC கோடு AC கோட்டை அடிமட்டத்துலதான் வெட்டணும், அது தொடுற புள்ளிக்கு வலது பக்கம். MRம் MCயும் வெட்டுற புள்ளி தொடுற புள்ளிக்கு நேர் கீழ வரணும், ரெண்டும் ஒரே செங்குத்துக் கோட்டுல. என் கணக்குல அது 70 ரூபாயில இருக்கு, ரேட்டு 115. நேர் கீழ வரலைன்னா படம் தப்பு, நான் திருத்துற பேப்பர்ல முக்கால்வாசி இங்கதான் கோணலா இருக்கும்.

குணா_எம்பிஏ
சரி மேடம், கூட்ட நாள் பாயின்ட்டை ஒத்துக்குறேன். ஆனா பிராண்டிங் பத்தி நீங்க ஒன்னும் சொல்லலியே. வித்தியாசம் காட்டுறவனுக்கு லாபம் நிக்கும்ங்கிறது என் அனுபவம்.

பரமேஸ்வரி_மைக்ரோ
பாதி சரி. வித்தியாசம் காட்டுனா டிமாண்ட் கோடு மேல போகும், செங்குத்தாவும் ஆகும். ஆனா ரீல்ஸ் எடுக்குறவருக்கும் இன்டீரியர் பண்ணவருக்கும் குடுத்த காசு AC கோட்டை மேல தூக்கும். அப்புறம் பக்கத்துக் கடையும் அதே இன்டீரியர் பண்ணும். அடுத்தவன் காப்பி அடிக்கவே முடியாத ஏதாவது இருந்தாத்தான் லாபம் நிக்கும், அப்படி இருந்தா அது இந்த மாடலை விட்டு மோனோபொலி பக்கம் நகந்திடுது. 1933ல ஹார்வர்டுல இருந்த எட்வர்ட் சேம்பர்லின் இந்த மாடலைக் கொண்டுவந்தப்போ விளம்பரச் செலவையும் உள்ள வச்சேதான் யோசிச்சார், அதை வெளிய விட்டுடல.

இதுக்கு எதிர்ப்பக்கமும் பாரு. ஆளுங்க "எந்தக் கடையா இருந்தா என்ன"ன்னு நெனைக்க ஆரம்பிச்சா கோடு தட்டையாகும். P = 130 - 1.25Q போட்டுப் பாரு இளவேனில். Q = 20, P = 105, AC = 105. லாபம் அப்பவும் சீரோ, ஆனா 15லேர்ந்து 20க்கு வந்துட்டோம், இடைவெளி பத்தாச் சுருங்கிடுச்சு. இன்னும் தட்டையானா 30ஐ நெருங்கிட்டே போகும்.

இளவேனில்_பிகாம்
போட்டேன், சரியா வருது. அப்போ லாபம் சீரோங்கிறது ஷட்டரைத் தூக்க யாருக்கும் தடையில்லாததால வருது, எக்ஸஸ் கபாசிட்டி கடைக்குக் கடை வித்தியாசம் இருக்குறதால வருது. ரெண்டுக்கும் காரணம் வேற வேறன்னு நோட்ஸ்ல ஒரு வரி கூட இல்ல.

தேனி_சலூன்
டீச்சரம்மா, எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. நீங்க சொல்றபடி புதுக்கடை வந்து என் கஸ்டமரைப் பிரிச்சு, நான் ரேட்டை 140லேர்ந்து 115க்கு இறக்குனாத்தான் லாபம் போகணும். எங்க கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல. ஆளு குறையல, ரேட்டும் இறக்கல. போன தடவை அக்ரிமென்ட் புதுப்பிக்கப் போனப்போ கட்டடத்துக்காரர் நேரா கேட்டார், "ஞாயித்துக்கெழமை எத்தனை பேர் வர்றாங்கன்னு நானும் மாடியிலேர்ந்து பாக்குறேன்ல"ன்னு. வாடகையும் ஏத்தினார், அட்வான்ஸும் ஏத்தினார். முடியாதுன்னா சாவியை வாங்கிக்க வரிசையில நாலு பேர் நிக்கிறாங்கன்னார். மிச்சம் இருந்ததெல்லாம் அவருக்குப் போச்சு. இது உங்க படத்துல எங்க வருது?

பரமேஸ்வரி_மைக்ரோ
அண்ணே, இதைப் பல புத்தகத்துல ஒரு வரியில தாண்டிடுவாங்க, ஆனா பஸ் ஸ்டாண்டு எதுருல இதுதான் நடக்கும். அந்த இடத்தைப் புதுக்கடைக்காரங்களால உருவாக்க முடியாது, அதனால டிமாண்ட் P = 200 - 3Qலயே நிக்குது. போட்டி இடத்துக்கு நடக்குது. வரிசையில நிக்கிற நாலு பேரும் அந்த 700 ரூபாயைத்தான் குறி வைக்கிறாங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாடகையைக் கூடக் கேட்டா முழு 700ம் போற வரைக்கும் ஏறும்.

900 இப்ப 1600 ஆயிடுச்சு. வாடகை ஒரு தலைக்கு இவ்வளவுன்னு ஏறல, மொத்தமா ஏறிச்சு, அதனால MC மாறல. Q = 20, P = 140 அப்படியே. AC = 1600/20 + 40 + 20 = 140. சரிவு பாத்தா அங்கயும் -3. கோடு கீழ இறங்கி வந்து தொடல, கிண்ணம் மேல ஏறி வந்து தொட்டுடுச்சு. லாபம் சீரோ, தொடுறதும் நடந்துடுச்சு, ஆனா கஸ்டமருக்கு அஞ்சு பைசா குறையல. பக்கத்துத் தெருவுல கடை வந்து நடக்குற சீரோவுல கஸ்டமருக்கு 25 ரூபா மிச்சம், நடந்து போற தூரமும் குறையுது. இந்தச் சீரோவுல மொத்தமும் கட்டடத்துக்காரருக்கு. இதுல எனக்கு உண்மையாவே வருத்தம் உண்டு, ஏன்னா படத்துல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்.

வரைதாள்
ரொம்ப நேரமா படிச்சிட்டிருந்தேன், இந்த இடத்துல ஒரு ஆட்சேபணை. AC = 1600/Q + 40 + Q ஆனா அடிமட்டம் 30லேர்ந்து 40க்குப் போயிடும், அங்க செலவு 120. அப்போ எக்ஸஸ் கபாசிட்டி 40 - 20, இருபது. வாடகை ஏறாத முன்னாடி அதே கடை, அதே நாலு சேர், அதே 20 தலை, அப்போ இடைவெளி பத்து. கட்டடத்துக்காரர் மாடியில உக்காந்து ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டதுல கடையோட வீண் கொள்ளளவு ரெட்டிப்பாயிடுச்சுன்னு சொல்றது எப்படி சரியாகும்? அளவுகோலே தப்புன்னு நெனைக்கிறேன்.

பரமேஸ்வரி_மைக்ரோ
நல்ல கேள்வி. என் பதில் என்னன்னா, கடைக்காரருக்கு வாடகை செலவுதான், ஆனா ஊருக்கு அது செலவு இல்ல, ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்குப் போற பணம். ஊரோட கண்ணுல வீணாகுறதை அளக்கணும்னா அந்த 700ஐ எடுத்துட்டு 30ஐத்தான் அடிமட்டமா வைக்கணும், அப்போ இடைவெளி பத்துதான்.

வரைதாள்
அப்படின்னா மொதல் வாடகை 300லயும் எவ்வளவு உண்மையான செலவு, எவ்வளவு இடத்துக்கான பணம்னு பிரிக்கணுமே. பஸ் ஸ்டாண்டு எதுர் இடத்தை டீக்கடைக்கு விட்டாலும் அதே வாடகை வரும்னா அது ஊருக்கும் செலவுதானே, சலூன் அங்க இருக்குறதால ஒரு டீக்கடை இல்லாமப் போகுது.

பரமேஸ்வரி_மைக்ரோ
அதை மறுக்க முடியாது. வரிசையில நிக்கிற நாலு பேரும் சலூன்காரங்களா இருந்தா நான் சொல்றது நிக்கும், அதுல டீக்கடைக்காரர் ஒருத்தர் இருந்தா நீங்க சொல்றது நிக்கும்.

குணா_எம்பிஏ
இவ்வளவு பேசிட்டு யாரும் சொல்லல, எக்ஸஸ் கபாசிட்டி வீணா இல்லையா? 15 தலை வெட்டுற பத்து கடைக்குப் பதிலா 30 தலை வெட்டுற அஞ்சு கடை இருந்தா தலைக்கு 115 செலவு 100 ஆகும்ல.

பரமேஸ்வரி_மைக்ரோ
15 ரூபா மிச்சமாகும், ஆனா அஞ்சு கடை மூடும். தேனி அண்ணன் கைப்பழக்கம் புடிச்சவங்க, வீட்டுக்குப் பக்கத்துலயே கடை வேணும்ங்கிறவங்க, சின்னப் பசங்களைப் பொறுமையா உக்கார வச்சு வெட்டுற கடையைத் தேடுறவங்க, இவங்களுக்கெல்லாம் அந்த அஞ்சுல ஒன்னுதான் கிடைக்கும். சேம்பர்லினே இதை வீண்னு சொல்லல, ஆளுங்க வகையை விரும்புறாங்கன்னா அதுக்கு ஆகுற செலவு இதுன்னுதான் பாத்தார். 1977ல அவினாஷ் தீட்சித்தும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் வகைக்கும் ஒரு மதிப்பு போட்டுக் கணக்கு பண்ணினாங்க, கடை அதிகமா இருக்குன்னு எல்லா எடத்துக்கும் பொதுவா சொல்லிட முடியாதுன்னுதான் வந்துச்சு. அந்த 15 ரூபா கூடக் குடுத்து பத்து கடை வேணுமாங்கிறதை இந்தப் படம் மட்டும் வச்சு சொல்ல முடியாது.

குணா_எம்பிஏ
எனக்கு 15 ரூபா பெருசு. ஒரு தெருவுக்கு ரெண்டு சலூன் போதும்னுதான் இன்னும் நெனைக்கிறேன்.

தேனி_சலூன்
தம்பி, எந்த ரெண்டுன்னு யாரு முடிவு பண்றது? அதையும் சொல்லிடுங்க.

இளவேனில்_பிகாம்
மேடம், கடைசியா ஒன்னு. பரீட்சையில வாடகை ஏறி AC மேல வந்து தொடுற படத்தை வரைஞ்சா மார்க் போடுவாங்களா, இல்ல டிமாண்ட் இறங்குற படம்தான் வரையணுமா?

பரமேஸ்வரி_மைக்ரோ
மொதல்ல டிமாண்ட் இறங்குற படத்தை வரை, கேள்வி அதைத்தான் கேக்கும். நேரம் மிச்சம் இருந்தா ரெண்டாவதைப் பக்கத்துல சின்னதா போட்டு, அதுல 140லயே கோடு போட்டு நிறுத்து. AC கோட்டை மேல தூக்கும்போது MC கோட்டைத் தொடாத, அது இருந்த எடத்துலயே இருக்கணும், AC அடிமட்டம் அந்த MC மேலயே வலது பக்கம் வழுக்கி 40க்குப் போகணும். அதைச் சரியா போட்டேன்னா திருத்துறவங்களுக்கு நீ புரிஞ்சுதான் வரைஞ்சிருக்கன்னு தெரியும்.